எந்தக் கிடாரிக் கன்றை வைத்துக்கொள்வது? தாயின் கறவைக் கணக்கும் காளையின் விவரமும் வைத்து முடிவெடுக்கும் முறை

பண்ணையில் நல்லாக் கறக்கிற மாடு கிடாரி போட்டால் அதை வைத்துக்கொள்வோம், சுமாரான மாடு போட்டால் விற்றுவிடுவோம். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆனால் கன்றுக்குக் கிடைக்கும் மரபில் பாதிதான் தாயிடமிருந்து வருவது, மறுபாதி எந்தக் காளையின் ஊசி போட்டோமோ அந்தக் காளையுடையது. தாயின் கறவையிலும் ஒரு பங்குதான் மரபால் வந்தது, மீதியெல்லாம் தீவனம், பருவம், பராமரிப்பு. இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தால் வரிசையே தலைகீழாக மாறிவிடும். ஐந்தாறு முதல் பத்துப் பதினைந்து கலப்பின மாடுகள் வைத்திருப்பவர் ஒரு நோட்டும் பேனாவும் வைத்தே செய்யக்கூடிய கணக்கு இது, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில், எத்தனை கன்று வேண்டும்?

எட்டு மாடு உள்ள பண்ணையில் வருடத்துக்கு ஒன்றிரண்டு மாடுகளைக் கழிக்க வேண்டிவரும், வயதாகி, மடிநோய் வந்து, சினை நிற்காமல். அப்படியானால் வருடத்துக்கு இரண்டு கிடாரி புதிதாக வந்தால் போதும். சாதாரண ஊசி போடும் பண்ணையில் எட்டு மாட்டிலிருந்து மூன்று நான்கு கிடாரிக் கன்று கிடைக்கும். நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்கிறோம், இதுதான் நமக்குள்ள வாய்ப்பின் அளவு. பாலினம் பிரித்த உறைவிந்து பயன்படுத்துபவர்களுக்குப் பத்தில் ஒன்பது கன்று கிடாரியாக வரும், அவர்களுக்குத் தேர்வு செய்ய இடம் இன்னும் அதிகம். கன்று முதல் ஈத்து ஈனுவதற்குள் இரண்டரை வருடம் ஆகிவிடும், அதற்குள் ஒன்று செத்தோ சினை நிற்காமலோ போகலாம் என்பதால், தேவைக்கு மேல் ஒன்று சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

தாயின் கறவையை எழுதும் முறை

"உச்சத்தில் பதினாறு லிட்டர் கறந்தாள்" என்பது கணக்கே அல்ல. உச்சத்தில் பதினாறு கறந்துவிட்டு ஐந்தாம் மாதம் ஆறுக்கு இறங்கும் மாடும் உண்டு, பன்னிரண்டில் தொடங்கி ஏழாம் மாதத்திலும் ஒன்பது கறக்கும் மாடும் உண்டு. இரண்டாவதுதான் வருடக் கணக்கில் ஜெயிக்கும்.

மாதம் ஒரு நாள், அதே தேதியை ஒட்டி, ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாக அளக்க வேண்டும், காலையும் மாலையும் சேர்த்து. மூன்று வேளை கறந்தால் மூன்றையும். கன்று ஈன்று ஐந்து நாள் கழித்து, சீம்பால் முடிந்தபின் தொடங்கலாம். பத்து மாதம், பத்து அளவுகள். அந்தப் பத்தையும் கூட்டி 30.5-ஆல் பெருக்கினால் 305 நாள் கறவை வந்துவிடும். ஒரு மாடு மாதாமாதம் 12, 14, 13, 12, 11, 10, 9, 8, 7, 6 லிட்டர் கறந்தது என்று வையுங்கள். கூட்டினால் 102, 30.5-ஆல் பெருக்கினால் 3,111 லிட்டர்.

ஏன் 305 நாளோடு நிறுத்த வேண்டும்? சினை நிற்காத மாட்டை நாம் பதினான்கு பதினைந்து மாதம்கூடக் கறந்துகொண்டே இருப்போம், அதன் மொத்தப் பால் பெரிதாகத் தெரியும். அது திறமை இல்லை, சினை நிற்காததன் விளைவு. எல்லா மாட்டுக்கும் ஒரே நாள் கணக்கு வைத்தால்தான் ஒப்பிட முடியும். பத்து மாதத்துக்கு முன்பே தானாக வற்றிவிட்ட மாட்டுக்கு மீதி மாதங்களில் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

சொசைட்டி அட்டையில் இருப்பது விற்ற பால், கறந்த பால் அல்ல. வீட்டுக்கு எடுத்தது அதில் இருக்காது, எல்லா மாட்டின் பாலும் ஒரே கேனில் போயிருக்கும். கன்று குடித்ததும் அதில் இல்லை. கன்றை ஊட்டவிட்டுக் கறக்கிற பண்ணையில் அளக்கும் நாளன்று எல்லா மாட்டிலும் ஒரே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒரு மாட்டின் கன்றுக்கு ஒரு காம்பு விட்டு, இன்னொன்றின் கன்றை முழுசாகக் கட்டிவைத்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

கொழுப்பையும் கவனிப்பவர்கள் வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாகப் பரிசோதிக்கலாம். முதலில் இறங்கும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசிப் பாலில் அதிகம், அதனால் முழுதும் கறந்து கலக்கிய பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். கொழுப்புக்கும் எஸ்என்எஃப்-புக்கும் காசு தரும் இடத்தில் இது முக்கியம்: 3.6 சதவீதக் கொழுப்போடு 3,300 லிட்டர் கறக்கும் மாட்டைவிட, 4.5 சதவீதத்தில் 3,000 லிட்டர் கறக்கும் மாடு மொத்தமாக அதிகக் கொழுப்பு தருகிறது. (முதலாவது சுமார் 119 கிலோ, இரண்டாவது 135 கிலோ.)

ஈத்தைச் சரிக்கட்டுவது

தலையீத்து மாட்டை நான்காம் ஈத்து மாட்டோடு அப்படியே ஒப்பிட்டால் இளமாடு எப்போதும் தோற்கும். முதல் ஈத்தில் ஒரு மாடு தன் முழு வளர்ச்சிக் கறவையில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் கறக்கும். அதனால் தோராயமாக முதல் ஈத்தை 1.3-ஆலும், இரண்டாம் ஈத்தை 1.1-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள், மூன்றாம் ஈத்து முதல் அப்படியே விடலாம். உங்கள் பண்ணையிலேயே மூன்று ஈத்து கண்ட மாடுகள் நிறைய இருந்தால் அவற்றின் முதல் ஈத்தையும் மூன்றாம் ஈத்தையும் வகுத்துப் பார்த்து உங்களுக்கான எண்ணையே வைத்துக்கொள்ளலாம், அது இன்னும் சரியாக இருக்கும்.

அடுத்து, அதே காலத்தில் கறந்த உங்கள் மற்ற மாடுகளின் சராசரியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு மாடும் அதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று எழுதுங்கள். பக்கத்து ஊர்ப் பண்ணையில் கறப்பது இங்கே எதற்கும் உதவாது, அங்கே தீவனம் வேறு, கவனிப்பு வேறு. உங்கள் பண்ணைக்குள்ளும் ஒரு கோளாறு வரும்: பிடித்த மாட்டுக்கு நாம் கூடுதலாக ஒரு கிலோ அடர்தீவனம் வைத்திருப்போம், அது கூடுதலாகக் கறக்கும், கறப்பதால் இன்னும் வைப்போம். அந்தக் கூடுதல் பால் தீவனத்துடையது, கன்றுக்கு இறங்காது. கறக்கும் அளவுக்குத் தீவனம் என்ற ஒரே விதியை எல்லாவற்றுக்கும் வைத்திருந்தால் மட்டுமே எண்களை நம்பலாம்.

இதற்கு நேரெதிரான தவறும் நிறைய நடக்கிறது. கோமாரி வந்த வருடம் கறவை படுத்துவிட்டது, அல்லது மடிநோயில் ஒரு காம்பு போய்விட்டது, உடனே "இதன் கன்று வேண்டாம்" என்று தள்ளிவிடுகிறோம். கோமாரியால் குறைந்த பால் மரபில் எழுதப்படுவதில்லை. அந்த ஈத்தை விட்டுவிட்டு, நோய்க்கு முந்தைய ஈத்தின் கணக்கைப் பாருங்கள்.

கூடுதல் பாலில் எவ்வளவு மரபு?

மாடுகளுக்கு இடையே கறவையில் தெரியும் வித்தியாசத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் மரபால் வருவது. ஆகவே ஒரே ஈத்துக் கணக்கு மட்டும் உள்ள மாடு, சராசரியைவிட 400 லிட்டர் அதிகம் கறந்தால், அதன் மரபுத் திறன் 100 லிட்டர் மேல் என்று மதிப்பிடுகிறோம். ஈத்துகள் கூடக்கூட நம்பிக்கை கூடும், ஏனென்றால் ஒரு வருட அதிர்ஷ்டம் மூன்று வருடம் தொடராது. இரண்டு ஈத்துக் கணக்கின் சராசரி இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, மூன்று ஈத்து என்றால் 0.375, நான்கு என்றால் 0.4. இப்படி எடுத்துக்கொண்டால் போதும். நான்கு ஈத்து தொடர்ந்து கொஞ்சம் மேலே கறந்த மாட்டை, ஒரு ஈத்தில் மட்டும் அசத்திய மாட்டைவிட அதிகம் நம்பலாம் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன.

காளை எது என்று உறுதி செய்வது

ஊசி போட்ட அன்றே உறைவிந்துக் குச்சியைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். காளையின் எண், இனம், எந்த உறைவிந்து நிலையம் என்பது அதிலேயே அச்சாகி இருக்கும். மாட்டுக்குப் பன்னிரண்டு இலக்கக் காது வில்லை போட்டிருந்தால், ஊசி போட்டவர் பாரத் பசுதன் செயலியில் காளை எண்ணோடு பதிந்திருப்பார், அதையும் அவரிடம் கேட்டு உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். "ஜெர்சி ஊசி" என்று மட்டும் எழுதி வைப்பதால் பயனில்லை. ஜெர்சிக் காளைகளுக்குள்ளேயே மகள்களின் கறவை நூற்றுக்கணக்கான லிட்டர் வேறுபடும்.

இரண்டு முறை ஊசி போட்டிருந்தால் எந்தக் காளை என்பதைத் தேதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம், சினைக்காலம் சுமார் 280 நாள். மார்ச் 10-ல் ஒரு காளை, பருவம் போலத் தெரிந்ததால் மார்ச் 31-ல் இன்னொரு காளை. டிசம்பர் 15-ல் நல்ல வளர்ச்சியோடு கன்று பிறந்தால் அது முதல் காளையுடையது (280 நாள்). இரண்டாவதாக இருந்தால் 259 நாள்தான் ஆகியிருக்கும், குறைமாதக் கன்றாக இருந்திருக்கும். அதே மாடு ஜனவரி 5 வாக்கில் ஈன்றிருந்தால் இரண்டாவது காளை. இரண்டுக்கும் நடுவில் பிறந்து சந்தேகமாக இருந்தால் "காளை தெரியாது" என்றே எழுதுங்கள்.

காளைப் பட்டியலைப் படிப்பது

பட்டியலில் இரண்டு வகை எண்கள் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, காளையின் தாய் அதிகபட்சம் எவ்வளவு கறந்தது என்பது. கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் அது ஒரு பெரிய பண்ணையில், முழுத் தீவனத்தில், ஒரு நல்ல ஈத்தில் கறந்தது. அந்தப் பண்ணையின் மற்ற மாடுகள் எவ்வளவு கறந்தன என்று தெரியாமல் அதற்குப் பெரிய பொருள் இல்லை.

மற்றது இனப்பெருக்க மதிப்பு. காளையின் மகள்கள் பல ஊர்களில், பல கொட்டகைகளில் கறந்த பாலை, கூடவே கறந்த மற்ற மாடுகளோடு ஒப்பிட்டு எடுத்த எண். இப்போது மரபணுச் சோதனையையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். நமக்குத் தேவை இதுதான். பக்கத்திலேயே நம்பகத்தன்மை சதவீதம் இருக்கும். இளங்காளைக்கு அது குறைவாகவும், நிறைய மகள்கள் கறந்துவிட்ட காளைக்கு அதிகமாகவும் இருக்கும். குறைவாக இருந்தால், அடுத்த பட்டியலில் அந்த எண் கணிசமாக மாறலாம் என்று பொருள்.

வெளிநாட்டுக் காளை என்றால் இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்கப் பட்டியலில் PTA என்று போட்டிருக்கும். அது மகளுக்குக் கடத்தப்படும் பங்கு, அதாவது ஏற்கெனவே பாதியாக்கப்பட்ட எண், பவுண்டு கணக்கில் (ஒரு பவுண்டு 0.45 கிலோ). அதை மறுபடி பாதியாக்கக் கூடாது. அங்கே எந்த மாடுகளைப் பூஜ்யமாக வைத்து அளந்தார்களோ, அது நம் ஊர்க் கலப்பின மாடு இல்லை. ஆகவே அமெரிக்கப் பட்டியல் காளையையும் இந்தியப் பட்டியல் காளையையும் எண்ணை வைத்து நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம், ஒரே பட்டியலுக்குள் ஒப்பிடுங்கள்.

ஒரு பண்ணையை வைத்துப் போட்டுப் பார்ப்போம்

ஜெர்சி கலப்பினப் பண்ணை, ஈத்து சரிக்கட்டிய சராசரி 2,800 லிட்டர். நான்கு கிடாரிக் கன்றுகள், இரண்டை வைக்க இடம் இருக்கிறது. காளை எண் தெரிந்த மூன்றும் ஒரே பட்டியலைச் சேர்ந்தவை. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

லட்சுமி மூன்று ஈத்து கண்டவள், சராசரி 3,300, அதாவது 500 கூடுதல். 0.375-ஆல் பெருக்கினால் சுமார் 190. ஆனால் அவளுக்கு ஊசி சினை நிற்காமல், ஊரில் இருந்த காளையோடு சேர்த்தார்கள். அதன் விவரம் ஒன்றும் தெரியாது, பூஜ்யம் என்று வைப்போம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கன்றின் எதிர்பார்ப்பு 95.

செவலை தலையீத்து. கறந்தது 2,600, அதை 1.3-ஆல் பெருக்கினால் 3,380. கூடுதல் 580, கால் பங்கு 145. காளையின் மதிப்பு 200. கூட்டி 345, பாதி சுமார் 172.

மயிலி நான்கு ஈத்து, சராசரி 3,000, கூடுதல் 200, அதில் 0.4 பங்கு 80. காளை 400. கூட்டி 480, பாதி 240.

வெள்ளச்சி இரண்டு ஈத்து, சராசரி 2,500, அதாவது 300 குறைவு. மூன்றில் ஒரு பங்கு, கழித்தல் 100. ஆனால் மயிலிக்குப் போட்ட அதே 400 மதிப்புக் காளை. கூட்டினால் 300, பாதி 150.

ஆக மயிலியின் கன்று முதலில், அப்புறம் செவலை, வெள்ளச்சி, கடைசியில் லட்சுமி. கண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் லட்சுமியின் கன்றைத்தான் முதலில் கட்டிவைத்திருப்போம். லட்சுமி நல்ல மாடுதான், அதில் சந்தேகமில்லை. அடுத்த முறை அவளுக்கு நல்ல காளையின் ஊசி போட்டுச் சினை நின்றால் அந்தக் கன்று இந்தப் பட்டியலில் மேலே வந்துவிடும். 400 மதிப்புக் காளை என்று வைத்துப் போட்டால் 295 வருகிறது.

எண் எங்கே நிற்கிறது

172-க்கும் 150-க்கும் உள்ள 22 லிட்டரை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரே தாய்க்கும் ஒரே காளைக்கும் பிறந்த இரண்டு அக்கா தங்கைகளே 305 நாள் கறவையில் நூற்றுக்கணக்கான லிட்டர் வேறுபடலாம், ஏனென்றால் ஒவ்வொரு பெற்றோரின் எந்தப் பாதி கன்றுக்கு வருகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். நாம் கணக்கிடுவது சராசரி எதிர்பார்ப்பை மட்டும்தான். என் கணக்கில், இந்த அளவுப் பண்ணையில், ஐம்பது லிட்டருக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால் இரண்டு கன்றையும் சமம் என்று எடுத்துக்கொண்டு மற்ற விஷயங்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். 95-க்கும் 240-க்கும் இடையே உள்ளதைத் தாராளமாக நம்பலாம்.

செவலையா வெள்ளச்சியா என்று தீர்மானிக்க நான் முதலில் பார்ப்பது நெருங்கிய உறவை. கன்றின் காளையே தாயின் தகப்பனாகவும் இருந்தால், அது அப்பனுக்கும் மகளுக்கும் பிறந்த கன்று, உள்ளினச் சேர்க்கை 25 சதவீதம். எண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை வைக்க வேண்டாம். வளர்ச்சியும் சினை பிடிப்பதும் பாதிக்கும். ஒரே ஊரில் ஒரே காளையின் குச்சி வருடக்கணக்கில் வரும்போது இது நாம் நினைப்பதைவிட எளிதாக நடந்துவிடும். தாயின் பக்கத்திலும் காளை எண் எழுதி வைத்திருந்தால்தான் தெரியும்.

அடுத்து இரட்டைக் கன்று. காளைக் கன்றோடு சேர்ந்து பிறந்த கிடாரி பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. எண்ணைப் பார்க்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். மூன்று வருடம் தீவனம் போட்டபின் தெரிந்து பயனில்லை.

அதன்பின் கன்றையே பாருங்கள். கூடுதல் காம்பு இருந்தால் மருத்துவர் சின்ன வயதிலேயே எடுத்துவிடுவார், அதற்காகத் தள்ள வேண்டாம். ஆனால் முதல் மூன்று மாதத்தில் நிமோனியாவோ கடுமையான கழிச்சலோ வந்து வளர்ச்சி குன்றிய கன்று பருவத்துக்கு வரத் தாமதமாகும். எண்கள் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்போது நன்றாக வளர்ந்த கன்றை எடுங்கள். தாயின் மடி தொங்கிப்போனதா, காம்பு தடித்துக் கறக்கச் சிரமமா, கறக்கும்போது உதைக்கிறதா என்பவையும் இங்கேதான் எடைபோடப்படும்.

எப்போது முடிவெடுப்பது என்றால், இரண்டு கட்டமாக. தாயின் கணக்கும் காளை எண்ணும் பிறந்த நாளிலேயே கையில் இருக்கும், ஆகவே நிச்சயம் வேண்டாம் என்பதை முதல் சில வாரங்களிலேயே பிரித்துவிடலாம், அதற்குப் போகும் பால் மிச்சம். மீதியை ஆறு மாதம் வரை வைத்து வளர்ச்சியைப் பார்த்து இறுதி செய்யுங்கள். விற்கும் கன்றுக்கும் தாயின் கறவையையும் காளை எண்ணையும் எழுதிக் கொடுங்கள், வாங்குகிறவர் அடுத்த ஊசியில் அதே காளையைத் தவிர்க்க அது உதவும்.

வைத்துக்கொண்ட கிடாரி ஈன்று, முதல் ஈத்தில் 305 நாள் கறந்து முடித்ததும் அதன் சொந்தக் கணக்கு கையில் வந்துவிடும். அன்று முதல் பெற்றோரை வைத்துப் போட்ட மதிப்போடு இதையும் சேர்த்துப் பாருங்கள். எதிர்பார்த்ததற்கும் கறந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால், முதலில் ஈன்ற வயதையும் அந்த வருடத் தீவனத்தையும் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தும் சராசரிக்குக் கீழேயே நின்றால், அடுத்த முறை அதன் கன்றை வரிசையில் கீழே இறக்கிவையுங்கள்.